சமநிலை இல்லாத தேடல் மரத்தை லைப்ரரிகள் ஏன் எடுப்பதில்லை? எந்த வேலைக்கு எந்த அமைப்பு?

நேரப்படி வரும் நிகழ்வுகளைச் சேமிக்க வேண்டும். "இந்த நேரத்துக்கு அடுத்து வரும் முதல் நிகழ்வு எது?", "இந்த இரண்டு நேரங்களுக்கு நடுவே உள்ளவை எவை?" என்று அடிக்கடி கேட்க வேண்டும். இதற்கு ஹாஷ் டேபிள் உதவாது. அதில் வரிசை என்பதே கிடையாது. கீகளை வரிசையாக வைத்திருக்கும் ஓர் அமைப்புதான் வேண்டும். கல்லூரியில் படித்த பைனரி தேடல் மரம் உடனே நினைவுக்கு வரும்: சிறியது இடப்பக்கம், பெரியது வலப்பக்கம், முப்பது வரிகளில் எழுதி முடித்துவிடலாம்.

ஆனால் ஜாவாவின் `TreeMap`, சி++ மொழியின் `std::map`, ரஸ்ட்டின் `BTreeMap`, டாட்நெட்டின் `SortedDictionary` ஆகியவற்றில் எதைத் திறந்து பார்த்தாலும் அந்த முப்பது வரி மரம் இருக்காது. ரஸ்ட்டில் இருப்பது பி-ட்ரீ. மற்ற மூன்றும் சிவப்பு-கருப்பு மரங்கள். இரண்டு வகையுமே தம் உயரத்தைத் தாமே கட்டுக்குள் வைத்துக்கொள்ளும் சமநிலை மரங்கள். (சி++ தரநிலை மரத்தின் வகையைச் சொல்வதில்லை. ஆனாலும் பரவலாகப் புழங்கும் மூன்று செயலாக்கங்களும் அதைத்தான் தேர்ந்தெடுத்திருக்கின்றன.) சாதாரண மரம் எங்கே உடைகிறது என்று முதலில் பார்ப்போம். அது தெளிவானால், மாற்றுகளில் எதை எடுப்பது என்பதும் பெரும்பாலும் தெளிவாகிவிடும்.

## உயரத்தை முடிவு செய்வது வரும் வரிசை

சாதாரண மரத்தில் ஒரு கணு எங்கே போய் உட்கார்ந்ததோ அங்கேயேதான் இருக்கும். பின்னால் வருபவை அதன் கீழே தொங்கும். மேலே உள்ள இணைப்புகள் எதுவும் மாறாது. அதனால் மரத்தின் வடிவத்தை முழுக்கத் தீர்மானிப்பது கீகள் வந்து சேர்ந்த வரிசை. 1 முதல் 7 வரை ஏறுவரிசையில் சேர்த்தால் ஒவ்வொன்றும் முந்தையதன் வலப்பக்கம் போகும். கிடைப்பது ஏழு உயரமுள்ள ஒற்றைச் சங்கிலி. அதே ஏழு எண்களை 4, 2, 6, 1, 3, 5, 7 என்று சேர்த்தால் உயரம் மூன்று.

இதைப் பரிசோதிக்க ஒரு சிறு நிரல் போதும். ரிகர்ஷன் இல்லாமல் எழுதியிருப்பதற்குக் காரணம் உண்டு, அது பின்னால் வரும்.

```python
class Node:
    __slots__ = ("key", "left", "right")
    def __init__(self, key):
        self.key = key
        self.left = self.right = None

def height(keys):
    root, h = None, 0
    for k in keys:
        if root is None:
            root, h = Node(k), 1
            continue
        p, d = root, 1
        while True:
            d += 1
            side = "left" if k < p.key else "right"
            nxt = getattr(p, side)
            if nxt is None:
                setattr(p, side, Node(k))
                break
            p = nxt
        h = max(h, d)
    return h
```

`height(range(5000))` என்று ஓட்டினால் விடை 5000. அதே எண்களை `random.shuffle` செய்துவிட்டு ஓட்டினால் பெரும்பாலும் 25-க்கும் 35-க்கும் இடையில் ஏதோ ஓர் எண் வரும். நிரலும் தரவும் ஒன்றே. வந்த வரிசை மட்டும்தான் வேறு.

பாடங்களில் "சராசரியாக லாக் n" என்று எழுதியிருப்பது பொய்யல்ல. ஆனால் அந்தச் சராசரிக்குப் பின்னால் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது: கீகள் சேரக்கூடிய எல்லா வரிசைகளும் சம வாய்ப்புள்ளவை என்ற அனுமானம். அது உண்மையானால், 10 லட்சம் கீகள் உள்ள மரத்தில் ஒரு கணுவின் சராசரி ஆழம் சுமார் 25 தான் வரும். மிக நல்ல எண். நிஜத் தரவு அந்த அனுமானத்தின்படி நடப்பதில்லை என்பதுதான் சிக்கல்.

நேர முத்திரைகள் ஏறிக்கொண்டே போகும். தரவுத்தளம் தானாகக் கொடுக்கும் ஐடி எண்களும் அப்படியே. `ORDER BY` போட்டு எடுத்த வரிகள், அகரவரிசையில் இருக்கும் கோப்புப் பெயர்கள், யாரோ ஏற்கெனவே வரிசைப்படுத்திக் கொடுத்த பட்டியல் என்று நடைமுறையில் கைக்கு வருவதில் பெரும்பகுதி ஏறுவரிசைக்கு நெருக்கமானது. முழுவதும் வரிசையாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. முதல் 1000 கீகள் வரிசையாக வந்துவிட்டால் போதும், மரத்தின் உயரம் 1000-க்குக் குறையாது. பிறகு வருபவை எவ்வளவு கலந்து வந்தாலும் அந்த முதல் சங்கிலி அப்படியே நிற்கும். மிகச் சிறியது, மிகப் பெரியது, இரண்டாவது சிறியது, இரண்டாவது பெரியது என்று மாறி மாறி வந்தாலும் சங்கிலிதான். நேராக இல்லாமல் வளைந்து வளைந்து இறங்கும், அவ்வளவுதான்.

இன்னொரு பொறி உண்டு, இது பலர் கண்ணில் படுவதில்லை. மரத்தைக் கோப்பில் சேமிக்கும்போது இயல்பாக யாரும் இடது-நடு-வலது வரிசையில்தான் எழுதுவார்கள். அது ஏறுவரிசை. மறுநாள் சர்வரை மீண்டும் இயக்கி அந்தக் கோப்பை வரிக்கு வரி படித்துச் சேர்த்தால், நேற்று நல்ல வடிவத்தில் இருந்த மரம் இன்று சங்கிலியாக எழுந்து நிற்கும். நிரலில் ஒரு வரிகூட மாறியிருக்காது. ஜாவாவின் `TreeMap` இந்த இடத்தை நன்றாகக் கையாள்கிறது: வரிசையாக உள்ள இன்னொரு `SortedMap`-இலிருந்து உருவாக்கும்போது, ஒவ்வொன்றாகச் சேர்க்காமல், நடுக் கீயை வேராக வைத்து நேரடியாகச் சமநிலை மரத்தைக் கட்டிவிடுகிறது.

## எவ்வளவு நேரம் போகும்?

ஒரு லட்சம் கீகளை ஏறுவரிசையில் சாதாரண மரத்தில் சேர்க்கிறோம் என்று வைப்போம். முதலாவதற்கு ஒப்பீடே இல்லை, இரண்டாவதற்கு ஒன்று, மூன்றாவதற்கு இரண்டு. மொத்தம் `n(n-1)/2`, அதாவது 499 கோடியே 99 லட்சத்து 50 ஆயிரம். ஓர் அடிக்கு 2 நானோநொடி என்று தாராளமாக வைத்தாலும் 10 நொடி. 10 லட்சம் கீகள் என்றால் அதே கணக்கில் 1000 நொடி, ஏறக்குறைய 17 நிமிடம்.

சிவப்பு-கருப்பு மரத்தின் உயரம் `2·log2(n+1)`-ஐத் தாண்டவே முடியாது. 10 லட்சத்துக்கு அது 39. எல்லாக் கீகளுக்கும் அந்த அதிகபட்ச ஆழத்தையே எடுத்து, ஒவ்வோர் அடியும் கேஷில் கிடைக்காமல் 100 நானோநொடி ஆகிறது என்று மிக மோசமாகக் கணக்கிட்டாலும் 4 நொடிக்குள் முடிகிறது. ஓர் அடிக்கு ஐம்பது மடங்கு அதிக விலை போட்டும் இந்த வித்தியாசம்.

இந்தக் கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி எளியது: தரவின் அளவை இரட்டிப்பாக்கிப் பாருங்கள். சேர்க்கும் நேரம் இரண்டு மடங்குக்குச் சற்று மேல் போனால் சரி. நான்கு மடங்கு ஆனால் மரம் சங்கிலியாகிவிட்டது. சோதனையில் இருநூறு கீகளைக் கலைத்துப் போட்டு ஓட்டுபவர்களுக்கு இது ஒருநாளும் தெரியாது. 200 உயர சங்கிலிகூட மனிதக் கண்ணுக்கு உடனடியாகத்தான் முடியும்.

நேரத்தை விட மோசமான விளைவு ஒன்று உண்டு: நிரல் விழுந்துவிடுவது. மர நிரல்களை ரிகர்ஷனில் எழுதுவதே வழக்கம். பைத்தானின் இயல்பான ரிகர்ஷன் வரம்பு 1000. ஆகவே ரிகர்ஷனில் எழுதிய மரத்தில் வரிசையான கீகளை ஆயிரம் வரை சேர்ப்பதற்குள் `RecursionError` வந்துவிடும். சி++, ரஸ்ட் மொழிகளில் இது இன்னும் தந்திரமாக வரும். சேர்ப்பதை `while` கொண்டு எழுதியிருப்பீர்கள், அது ஓடிவிடும். ஆனால் `unique_ptr` அல்லது `Box` வைத்துக் கட்டிய மரத்தை அழிக்கும்போது, ஒவ்வொரு கணுவின் அழிப்பும் தன் பிள்ளையின் அழிப்பை அழைக்கும். ஓர் அழைப்புக்கு 48 பைட் என்றாலே 10 லட்சம் ஆழத்துக்கு 48 எம்பி ஸ்டாக் வேண்டும். லினக்ஸில் முதன்மை த்ரெட்டுக்கு வழக்கமாகக் கிடைப்பது 8 எம்பி. எல்லா வேலையும் சரியாக முடிந்து, நிரல் வெளியேறும் நேரத்தில் விழும். பிழை சேர்க்கும் பகுதியில் இருக்க, தடயம் அழிக்கும் பகுதியைக் காட்டும். 39 ஆழமுள்ள மரத்தில் அதே ரிகர்ஷன் எந்தக் கெடுதலும் செய்யாது.

## நீக்குவதும் மரத்தைச் சாய்க்கும்

"என் கீகள் உண்மையிலேயே கலந்துதான் வருகின்றன" என்று ஒருவர் சொல்லலாம். சேர்ப்பது மட்டும் என்றால் அந்த வாதம் ஓரளவு நிற்கும். நீக்கமும் சேர்ந்தால் நிற்காது.

இரண்டு பிள்ளைகள் உள்ள கணுவை நீக்கும்போது, வலக் கிளையில் உள்ள மிகச் சிறியதை எடுத்து அதன் இடத்தில் வைப்பதுதான் எல்லோரும் படிக்கும் முறை. ஹிபர்ட் 1962-இல் கொடுத்தது இது. எப்போதும் வலக் கிளையிலிருந்தே எடுப்பதால் வலது சிறிது சிறிதாக மெலிந்து, மரம் இடப்பக்கம் சாய்கிறது. ஒன்றை நீக்கி ஒன்றைச் சேர்த்து, அளவு மாறாமல் மிக நீண்ட காலம் ஓடினால், எல்லாமே தற்செயலாக நடந்தாலும் ஆழம் லாக் அளவிலிருந்து விலகி n-இன் வர்க்கமூலத்தின் அளவை நோக்கி ஏறுகிறது. எப்பிங்கர் 1983-இல் சோதனைகளின் மூலம் இந்தச் சீர்கேட்டைக் காட்டினார். பின்னர் கல்பர்சன் ஒரு குறிப்பிட்ட மாதிரிக்கு அதைக் கணிதமாக நிறுவினார். 10 லட்சத்தின் வர்க்கமூலம் 1000. நாள்கணக்கில் ஓடும் சர்வர் முதல் நாள் வேகமாகவும் பின்னர் மெல்ல மெல்ல மந்தமாகவும் ஆவது இப்படித்தான். ஒரு முறை இடமிருந்தும் ஒரு முறை வலமிருந்தும் மாற்றி மாற்றி எடுத்தால் சோதனைகளில் சாய்வு தெரிவதில்லை. ஆனால் அதை நம்பி ஒரு லைப்ரரி உத்தரவாதம் எழுதிக் கொடுக்க முடியாது.

## லைப்ரரி எழுதுபவருக்கு உள்ள கட்டாயம்

ஒரு நிரலாளர் தன் தரவு எந்த வரிசையில் வரும் என்று ஓரளவு ஊகிக்கலாம். லைப்ரரி எழுதுபவரால் முடியாது. அவருடைய நிரலுக்கு எந்தக் கீ எந்த வரிசையில் வரும் என்பதை முடிவு செய்வது முன்பின் தெரியாத ஒருவர். `std::map`-இல் சேர்ப்பதும் தேடுவதும் லாக் அளவில் நடக்க வேண்டும் என்று சி++ தரநிலையே சொல்கிறது. சாதாரண மரத்தை வைத்து எழுதினால் அது மெதுவான `std::map` அல்ல, தரநிலையை மீறிய ஒன்று. `TreeMap`-இன் ஆவணமும் `get`, `put`, `remove` ஆகியவற்றுக்கு லாக் அளவை உத்தரவாதமாகவே எழுதியிருக்கிறது. இதற்கு ஒரு சுவாரசியமான எதிர்முனை பாசிக்ஸின் `tsearch`: சமநிலை வேண்டும் என்று அந்தத் தரநிலை எங்கும் கேட்பதில்லை. அப்படியிருந்தும் சி லைப்ரரிகளான glibc சிவப்பு-கருப்பு மரத்தையும் musl ஏவிஎல் என்ற இன்னொரு வகைச் சமநிலை மரத்தையும் வைத்துக்கொண்டன.

அந்த முன்பின் தெரியாதவர் கெட்ட நோக்கம் உள்ளவராகவும் இருக்கலாம். ஹாஷ் டேபிளில் எல்லாக் கீகளும் ஒரே பெட்டியில் விழும்படி தேர்ந்தெடுத்து அனுப்பி சர்வரை முடக்கலாம் என்று கிராஸ்பியும் வாலக்கும் 2003-இல் விளக்கினார்கள். இதே வகைத் தாக்குதலின் பாதிப்பைக் குறைக்க, ஜாவா 8-இல் `HashMap` மாறியது: ஒரு பெட்டியில் உள்ளவை எட்டைத் தாண்டினால், டேபிள் குறைந்தது 64 பெட்டிகள் கொண்டதாக இருக்கும்பட்சத்தில், அந்தப் பெட்டியின் பட்டியல் மரமாக மாற்றப்படுகிறது. அந்த மரம் சிவப்பு-கருப்பு மரம். அங்கே சாதாரண மரத்தை வைத்திருந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஒரே பெட்டியில் விழும் கீகளைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்தவர், அவற்றை ஏறுவரிசையில் அனுப்பவும் செய்வார். பட்டியலுக்குப் பதில் மரம் வந்தும் கிடைப்பது அதே பட்டியல்தான்.

லினக்ஸ் கெர்னலின் நிலைமை வேறு வகையில் தெளிவானது. துல்லிய டைமர்களை அது முடியும் நேரத்தைக் கீயாக வைத்துச் சிவப்பு-கருப்பு மரத்தில் அடுக்குகிறது. நேரம் முன்னோக்கித்தான் ஓடும். ஆகவே புதியவை பெரும்பாலும் வலக் கோடியில் சேரும், முடிந்தவை இடக் கோடியிலிருந்து நீங்கும். சாதாரண மரத்துக்கு மிக மோசமான உள்ளீடு எதுவோ, அது அங்கே அன்றாட உள்ளீடு.

## சமநிலைக்குக் கொடுக்கும் விலை

"அப்படியானால் சமநிலைக்காக நிறைய வேலை செய்ய வேண்டியிருக்குமே" என்ற தயக்கம் இயல்பானது. எண்களைப் பார்த்தால் அது கரைந்துவிடும். சிவப்பு-கருப்பு மரத்தில் 1 முதல் 8 வரை ஏறுவரிசையில் சேர்த்துப் பார்ப்போம். புதிய கணு எப்போதும் சிவப்பாக வரும். வேர் எப்போதும் கருப்பு. சிவப்பின் கீழ் சிவப்பு இருக்கக் கூடாது. வேரிலிருந்து கீழே எந்த வழியாக இறங்கினாலும் கருப்புகளின் எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டும்.

1 கருப்பு வேர், 2 அதன் வலப்பக்கம் சிவப்பு. 3 வரும்போது சிவப்பின் கீழ் சிவப்பு. பெற்றோரின் உடன்பிறப்பு இல்லாததால் ஒரு சுழற்சி: 2 மேலேறிக் கருப்பு வேராகிறது, 1-உம் 3-உம் சிவப்புப் பிள்ளைகள். 4 வரும்போது பெற்றோர் 3 சிவப்பு, அதன் உடன்பிறப்பு 1-உம் சிவப்பு. இங்கே சுழற்சி தேவையில்லை. 1, 3 இரண்டையும் கருப்பாக்கினால் போதும். 5 வரும்போது 3, 4, 5 மூன்றும் ஒரு கோட்டில் நிற்கும். ஒரு சுழற்சியில் 4 மேலே வருகிறது. 6-க்கு மீண்டும் நிறமாற்றம் மட்டும். 7-க்கு ஒரு சுழற்சி, 6 மேலே வருகிறது. இந்த நிலையில் வேர் 2, அதன் இடம் 1, வலம் 4, அதன் கீழ் 3-உம் 6-உம், 6-இன் கீழ் 5-உம் 7-உம். சற்று வலப்பக்கம் கனத்த மரம்தான், உயரம் நான்கு.

8 வரும்போதுதான் விஷயம் அழகாகிறது. 5, 7 கருப்பாகி 6 சிவப்பாகிறது. இப்போது 6-உம் அதன் பெற்றோர் 4-உம் சிவப்பு; 4-இன் உடன்பிறப்பு 1 கருப்பு. ஆகவே வேரில் ஒரு சுழற்சி: 4 வேராகிறது, இடம் 2 அதன் கீழ் 1, 3, வலம் 6 அதன் கீழ் 5, 7, 7-இன் கீழ் 8. எட்டுக் கீகளுக்கு மொத்தம் நான்கு சுழற்சி, உயரம் நான்கு. சாதாரண மரத்தில் இது எட்டு.

ஒரு சுழற்சி என்பது சில பாயிண்டர்களை மாற்றி எழுதுவது. பிள்ளைகளின் கீழ் எத்தனை லட்சம் கணுக்கள் தொங்கினாலும் வேலை அதே அளவு. ஒரு முறை சேர்ப்பதற்கு அதிகபட்சம் இரண்டு சுழற்சி, ஒரு முறை நீக்குவதற்கு அதிகபட்சம் மூன்று. நிறத்துக்கு ஒரே ஒரு பிட் போதும். லினக்ஸ் கெர்னல் அதையும் தனி இடம் கொடுக்காமல், பெற்றோரைச் சுட்டும் பாயிண்டரின் கடைசிப் பிட்டில் ஒளித்து வைக்கிறது. உண்மையில் அதிகம் செலவாவது நிரலின் நீளம்தான்: முப்பது வரி முந்நூறு வரியாகிறது. லைப்ரரியில் அது ஒருமுறை எழுதப்பட்டு எல்லோருக்கும் பயன்படுவது. ஆகவே இந்த ஒப்பீட்டில் சாதாரண மரத்துக்கு மிஞ்சும் ஒரே நன்மையும் லைப்ரரிக்குப் பொருந்தாது.

## மாற்றுகளில் எதை எடுப்பது

இளம் நிரலாளர்கள் பலர் தவறவிடும் முதல் கேள்வி: மரமே தேவையா? தரவு முழுவதும் முன்கூட்டியே கையில் இருந்து, பிறகு தேடல் மட்டும்தான் என்றால், வரிசைப்படுத்திய ஓர் அர்ரேயும் பைனரி தேடலும் எந்த மரத்தையும் விட நல்லது. பாயிண்டர் இல்லை, நினைவகம் குறைவு, கேஷுக்கு இதம். "முதலில் கீகளைக் கலைத்துவிட்டு சாதாரண மரத்தில் சேர்த்தால் போதுமே" என்ற யோசனை இங்கேதான் அடிபடுகிறது. கலைக்க வேண்டுமானால் எல்லாக் கீகளும் முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும். இருந்தால் அர்ரேவே போதும். கீகள் எப்போதும் ஏறுவரிசையில்தான் வருகின்றன என்றாலும் அர்ரேவே வெல்லும்: கடைசியில் ஒட்டிக்கொண்டே போகலாம், எதையும் நகர்த்த வேண்டியதில்லை. சாதாரண மரத்தை வீழ்த்தும் அதே உள்ளீடு அர்ரேவுக்கு மிகச் சிறந்த உள்ளீடு. நடுவே சேர்ப்பதுதான் அர்ரேவின் பலவீனம். பைத்தானின் `bisect.insort` இடத்தை வேகமாகக் கண்டுபிடித்தாலும் வலப்பக்கம் உள்ள அனைத்தையும் ஓரிடம் தள்ள வேண்டும். ஒரு லட்சம் உறுப்புகள் என்றால் சராசரியாக 400 கேபி நகரும். அது தொடர்ச்சியான நினைவகம் என்பதால் நினைப்பதை விட வேகமாகவே நடக்கும். சில பத்தாயிரங்கள் வரை தயங்காமல் இதை எடுக்கலாம். அதற்கு மேல் பைத்தானில் `sortedcontainers` என்ற தொகுப்பு பெரிய பட்டியலைச் சிறு பட்டியல்களாகப் பிரித்து இதே உத்தியை நீட்டிக்கிறது.

சேர்ப்பதும் நீக்குவதும் தேடுவதும் கலந்து நடந்தால் மரம் வேண்டும். அப்போது தேர்வு பெரும்பாலும் சிவப்பு-கருப்பு மரத்துக்கும் பி-ட்ரீக்கும் இடையில். (ஏவிஎல் மரம் இன்னும் இறுக்கமானது: 10 லட்சத்துக்கு உயரம் 28-ஐத் தாண்டாது. தேடல் மிக அதிகமாகவும் மாற்றம் குறைவாகவும் உள்ள இடத்தில் அது சற்று முந்தும். நீக்கும்போது சுழற்சிகள் வேர் வரை தொடரலாம். இரண்டுக்கும் இடையே உள்ள தூரம், சாதாரண மரத்துக்கும் இவற்றுக்கும் இடையே உள்ள தூரத்தோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது.)

பி-ட்ரீ ஒரு கணுவில் ஒரு கீக்குப் பதில் பல கீகளை அடுக்குகிறது. ரஸ்ட்டின் `BTreeMap` ஒரு கணுவில் 11 கீ வரை வைக்கும். வேரைத் தவிர மற்றவற்றில் ஐந்துக்குக் குறையாது. 10 லட்சம் கீகளுக்கு உயரம் ஆறிலிருந்து எட்டுக்குள் அடங்கும். ஒப்பீடுகளின் எண்ணிக்கை இதனால் பெரிதாகக் குறையவில்லை என்பதைக் கவனியுங்கள். குறைவது வேறொரு கணுவுக்குத் தாவும் எண்ணிக்கை. இன்றைய கணினியில் பக்கத்துப் பக்கத்தில் உள்ள கீகளை ஒப்பிடுவது மலிவு. நினைவகத்தில் எங்கோ இருக்கும் கணுவை எடுத்து வருவதுதான் செலவு. புதிதாக ஓர் அமைப்பை எழுதத் தொடங்கும் எவருக்கும், வேறு கட்டாயம் இல்லை என்றால், பி-ட்ரீதான் சரியான தேர்வு.

அந்த வேறு கட்டாயம் ஒன்று அடிக்கடி வரும். `std::map`-இல் ஓர் உறுப்பின் முகவரியை வாங்கி வைத்துக்கொண்டால், அந்த உறுப்பை நீக்கும் வரை அது செல்லும். மற்றவை வந்தாலும் போனாலும் அது இடம் மாறாது, ஏனென்றால் சுழற்சி பாயிண்டர்களைத்தான் மாற்றுகிறது, கணுவை நகர்த்துவதில்லை. பி-ட்ரீயில் ஒரு கணு நிரம்பிப் பிளக்கும்போது கீகளே வேறு நினைவகத்துக்கு இடம்பெயரும். ஆப்சீல் லைப்ரரியின் `absl::btree_map` வேகமாக இருந்தும் `std::map`-க்கு அப்படியே மாற்றாக வைக்க முடியாததற்கு இதுதான் காரணம். உங்கள் நிரல் உறுப்புகளின் பாயிண்டரைப் பிடித்து வைத்திருக்கிறதா என்று முதலில் தேடிப் பாருங்கள். பிடித்து வைத்திருந்தால் சிவப்பு-கருப்பு மரத்திலேயே இருங்கள். அதை மறந்து மாற்றியவர்களுக்கு வரும் பிழை எப்போதாவது ஒருமுறை தலைகாட்டும் வகை. கண்டுபிடிப்பது மிகக் கடினம்.

பல த்ரெட்கள் ஒரே நேரத்தில் எழுதுகின்றன என்றால் ஸ்கிப் லிஸ்ட்டைப் பாருங்கள். அதில் சுழற்சியே இல்லை. ஒவ்வொரு கணுவும் எத்தனை அடுக்கு உயரம் என்பதை ஒரு தற்செயல் எண் முடிவு செய்கிறது. கீகள் வந்த வரிசைக்கும் அதற்கும் தொடர்பு கிடையாது, அதனால் ஏறுவரிசை அதைச் சாய்க்காது. ஒரு மாற்றம் அக்கம்பக்கத்துச் சில இணைப்புகளை மட்டும் தொடுவதால் பூட்டு இல்லாமல் எழுதுவது எளிதாகிறது. ஜாவாவின் `ConcurrentSkipListMap` இந்த வழியில் போனது. ரெடிஸ் ஒற்றை த்ரெட்டில் கட்டளைகளை ஓட்டினாலும் தன் வரிசைப்பட்ட தொகுப்புகளுக்கு ஸ்கிப் லிஸ்ட்டையே வைத்திருக்கிறது: நிரல் எளிது, ஒரு வீச்சில் உள்ளவற்றை வரிசையாக எடுப்பது நேரடியானது. அதில் அடுத்த அடுக்குக்கு ஏறும் வாய்ப்பு நான்கில் ஒன்று, ஆகவே ஒரு கணுவுக்கு முன்னோக்கிய இணைப்பு சராசரியாக 1.33 தான்.

சாதாரண மரத்துக்கு மிஞ்சுவது மிகக் குறுகிய இடம். வரிசைப்படுத்திய அர்ரேயின் நடுவிலிருந்து ஒரே முறை கட்டி, பிறகு எப்போதும் மாறாத மரமாக வைத்திருக்கலாம். அதிகபட்சம் சில டஜன் கீகள்தான் என்று உறுதியாகத் தெரிந்தாலும் வைத்திருக்கலாம். இரண்டிலும் அர்ரே இன்னும் எளிது.

## நீங்களே எழுத நேர்ந்தால்

சி மொழியிலோ, கோ மொழியின் தரநிலைத் தொகுப்பை மட்டும் வைத்தோ வேலை செய்தால் வரிசைப்பட்ட மேப் தயாராகக் கிடைக்காது. சமநிலை மரத்தை நீங்களே எழுதவோ, எங்கிருந்தாவது எடுத்துப் பொருத்தவோ வேண்டியிருக்கும். அப்போது சோதனையை எழுதும் விதம் முக்கியம். வழக்கமான சோதனை கீகளைச் சேர்த்து, நீக்கி, எல்லாவற்றையும் வரிசையாக எடுத்து, எதிர்பார்த்த பட்டியலோடு ஒப்பிடும். சமநிலைப்படுத்தும் பகுதியையே முழுதாக அழித்துவிட்டாலும் இந்தச் சோதனை பச்சை காட்டும். ஏனென்றால் சாய்ந்த மரமும் சரியான விடையைத்தான் தரும்.

ஆகவே ஒவ்வொரு செயலுக்குப் பிறகும் மரத்தின் விதிகளையே சோதிக்கும் ஒரு செயல்கூறு வேண்டும். சிவப்பின் கீழ் சிவப்பு இருக்கிறதா, எல்லா வழிகளிலும் கருப்பு எண்ணிக்கை ஒன்றா என்று அது பார்க்க வேண்டும்:

```python
def check(n):
    if n is None:
        return 1
    l, r = check(n.left), check(n.right)
    assert l == r
    if n.red:
        assert not (n.left and n.left.red)
        assert not (n.right and n.right.red)
    return l + (0 if n.red else 1)
```

இதை ஏறுவரிசை, இறங்குவரிசை, சிறியதும் பெரியதும் மாறி மாறி வருவது, கலைத்தது என்ற நான்கு உள்ளீடுகளிலும் ஓட்டுங்கள். பிறகு பாதியை நீக்கிவிட்டு மீண்டும் ஓட்டுங்கள். சேர்க்கும் பகுதியின் பிழைகள் முதல் பத்துக் கீகளுக்குள் வெளியே வந்துவிடும். நீக்கும் பகுதியில், கருப்பு இலை ஒன்று நீங்கி அதன் உடன்பிறப்பு சிவப்பாக இருக்கும் நிலை அபூர்வமாகத்தான் வரும். அதன் இட வல எதிர்வடிவத்தை எழுதும்போது `left`, `right` இரண்டில் ஒன்றை மாற்ற மறப்பதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. சில ஆயிரம் தற்செயல் நீக்கங்களுக்காவது `check` ஓடினால்தான் அது பிடிபடும்.